சேம்பர் செங்கல்லா, ஃபிளை ஆஷ் கல்லா, ஏஏசி பிளாக்கா? 1,000 சதுர அடி வீட்டின் பொருள் கணக்கை வைத்து ஒரு ஒப்பீடு

"அண்ணே, செங்கல் பத்து ரூபா சொல்றாங்க, ஃபிளை ஆஷ் கல்லு எட்டு ரூபா, ஏஏசி பிளாக் ஒன்னு நூறு ரூபா. எதை வாங்கட்டும்?" திருச்சிக்கு வெளியே வீடு கட்ட ஆரம்பித்த ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. இதே கேள்வியை வேறு வேறு ஆட்கள் மாதத்துக்கு இரண்டு முறையாவது என்னிடம் கேட்கிறார்கள், அதனால் அவருக்குப் போட்டுக்கொடுத்த கணக்கையே இங்கே முழுசாகத் தருகிறேன். சேம்பர் செங்கல் சூளையில் வெந்த கல், ஃபிளை ஆஷ் கல் அனல் மின் நிலையச் சாம்பலில் வார்த்தது, ஏஏசி பிளாக் காற்றுக் குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட் கட்டி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்லின் விலையைக் கல்லின் விலையோடு ஒப்பிட்டால் பதில் வராது. 8 அங்குல ஏஏசி பிளாக் ஒன்று இரண்டடி நீளம், எட்டு அங்குல உயரம், அதாவது சுவரில் 1.33 சதுர அடியை அடைத்துவிடும். அதே இடத்தை 9 அங்குலச் செங்கல் சுவரால் அடைக்க 12 கல் வேண்டும், 120 ரூபாய். இப்போது நூறு ரூபாய் பிளாக் மலிவாகத் தெரிகிறது இல்லையா? அதுவும் முழு உண்மை இல்லை, ஏனென்றால் கல்லை மாற்றினால் கூடவே கலவைச் சிமென்ட் மாறும், மணல் மாறும், பூச்சின் கனம் மாறும், சில இடத்தில் புதிதாக ஒரு செலவே முளைக்கும். பொருள் அட்டவணையில் ஒரு வரியை மாற்றும்போது ஐந்து வரி சேர்ந்து நகர்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

மூன்று கேள்விதான். ஒன்று, சுவரைச் சார்ந்த எல்லா வரிகளையும் கூட்டினால் மொத்தம் எவ்வளவு வருகிறது. இரண்டு, வீட்டின் பாரத்தை யார் தாங்குகிறார்கள், காலம் என்ற கான்கிரீட் தூணும் பீமுமா அல்லது சுவரேவா. மூன்று, குடிபோன பிறகு அந்தச் சுவரில் என்னென்ன செய்யப் போகிறீர்கள்: பரண், கடப்பாக்கல் அலமாரி, கீசர், குழாய்க்குக் குடைவது இதெல்லாம்.

சூடு குறையும் என்பதை நான் முதன்மை அளவுகோலாக வைக்கவில்லை. ஏஏசி சுவர் வெயிலை நன்றாகவே தடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில் சூடு பெரும்பாலும் மொட்டைமாடித் தளம் வழியாகத்தான் இறங்குகிறது, அதை அப்படியே விட்டுவிட்டு சுவருக்கு மட்டும் செலவு செய்தால் எதிர்பார்த்த அளவு குளுமை கிடைக்காது.

## கணக்குக்கு எடுத்துக்கொண்ட வீடு

25 அடிக்கு 40 அடி, தரைத்தளம் மட்டும், காலம் பீம் போட்ட வீடு. வெளிச்சுவர் சுற்றளவு 130 அடி, உயரம் 10 அடி. கதவு, ஜன்னல், லிண்டல் எல்லாம் கழித்தால் வெளிச்சுவர் சுமார் 1,100 சதுர அடி. உள்சுவர் 75 அடி ஓடுகிறது, கழிவு போக 600 சதுர அடி.

வெளிச்சுவர் 9 அங்குலம், உள்சுவர் நாலரை அங்குலம். (ஏஏசி என்றால் 8 அங்குலமும் 4 அங்குலமும்.) பூச்சு உள்பக்கம் 2,300 சதுர அடி, வெளிப்பக்கம் 1,100 சதுர அடி.

எந்தக் கல்லை எடுத்தாலும் மாறாத வரிகள் முதலில். கதவு, டைல்ஸ், வயரிங், பெயின்ட், கூலி எதுவும் இதில் இல்லை, கட்டுமானப் பொருள் மட்டும். பேஸ்மென்ட்டுக்கும் மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் மூன்று வழியிலும் சேம்பர் செங்கல்தான் வைத்திருக்கிறேன்.

| பொருள் | அளவு | அலகு | விலை (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|
| சிமென்ட் (கான்கிரீட், பேஸ்மென்ட், தளம், கூரை அடிப்பூச்சு) | 340 | மூட்டை | 380 | 1,29,200 |
| கம்பி | 3,500 | கிலோ | 65 | 2,27,500 |
| எம் சாண்ட் | 800 | கன அடி | 60 | 48,000 |
| ஜல்லி | 1,000 | கன அடி | 45 | 45,000 |
| கிராவல் மண் | 1,800 | கன அடி | 12 | 21,600 |
| சேம்பர் செங்கல் (பேஸ்மென்ட், கைப்பிடிச் சுவர்) | 5,700 | எண்ணம் | 10 | 57,000 |
| கட்டுக்கம்பி | 35 | கிலோ | 80 | 2,800 |
| கூட்டல் | | | | 5,31,100 |

விலையெல்லாம் வரியும் வண்டி வாடகையும் சேர்த்து நான் கணக்குக்கு வைத்தவை. உங்கள் ஊர் விலை வேறாகத்தான் இருக்கும், அளவு நிரலை அப்படியே வைத்துக்கொண்டு விலை நிரலை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சிமென்ட்டுக்கு 22.9.2025 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, அதற்கு முந்தைய எஸ்டிமேட் யாராவது கையில் கொடுத்தால் அந்தச் சிமென்ட் விலையைப் புதிதாகக் கேளுங்கள்.

அலகு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், பெரிய தொகை தவறிப்போவது இங்கேதான். செங்கல் எண்ணத்தில், மணலும் ஜல்லியும் யூனிட்டில் (ஒரு யூனிட் 100 கன அடி), கிராவல் லோடில், ஏஏசி பெரும்பாலும் கன மீட்டரில் என்று ஆளுக்கொரு அலகில் விலை சொல்வார்கள். ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. 8 அங்குல பிளாக் ஒன்று 0.024 கன மீட்டர், ஆகவே நூறு ரூபாய் பிளாக் என்றால் கன மீட்டர் சுமார் 4,170 ரூபாய். மணல் வண்டி வந்ததும் தொட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். ஈர மணல் உப்பி நிற்கும், காய்ந்தால் அதே மணல் குறைவாகத் தெரியும், அதனால் நல்ல ஈரமாக வந்த லோடை ஐந்து யூனிட் என்று ஒப்புக்கொண்டால் கையில் ஐந்து இருக்காது.

சரி, இனி சுவர்.

## சேம்பர் செங்கல்

9 அங்குலச் சுவரில் சதுர அடிக்கு 9 கல், நாலரை அங்குலச் சுவரில் அதில் பாதி. ஆக 9,900 கூட்டல் 2,700, மொத்தம் 12,600. உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் சுமார் 13,200.

| பொருள் | அளவு | அலகு | விலை (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|
| சேம்பர் செங்கல் | 13,200 | எண்ணம் | 10 | 1,32,000 |
| கட்டுக் கலவைச் சிமென்ட் | 46 | மூட்டை | 380 | 17,480 |
| எம் சாண்ட் | 310 | கன அடி | 60 | 18,600 |
| பூச்சுச் சிமென்ட் | 42 | மூட்டை | 380 | 15,960 |
| பி சாண்ட் என்னும் பூச்சு மணல் | 240 | கன அடி | 70 | 16,800 |
| கூட்டல் | | | | 2,00,840 |

கலவையில் சிமென்ட்டுக்கு மணல் 9 அங்குலத்துக்கு ஒன்றுக்கு ஆறு, நாலரை அங்குலத்துக்கு ஒன்றுக்கு நாலு. இந்த அட்டவணையில் கவனிக்க வேண்டியது கடைசி இரண்டு வரி. சூளையில் வேகும்போது கல் கொஞ்சம் சுருங்கும், வளையும், ஒரு கல் போல இன்னொரு கல் இருக்காது. சுவரின் ஒரு முகத்தைக் கொத்தனார் நூலுக்குச் சரியாக நிறுத்தினால் மறுமுகம் மேடும் பள்ளமுமாகத்தான் நிற்கும், அந்தப் பள்ளத்தை நிரப்புவது உங்கள் சிமென்ட். அதனால்தான் உள்பூச்சு 15 மில்லிமீட்டர், வெளிப்பூச்சு 20 மில்லிமீட்டர் வைத்து, அதற்கு மேலும் 20 சதவீதம் கூட்டியிருக்கிறேன்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு தண்ணீர். கல்லை நனைக்காமல் கட்டினால் கலவையில் உள்ள ஈரத்தை அது உறிஞ்சிவிடும், கலவை இறுகாது, நகத்தால் சுரண்டினாலே உதிரும். நனைப்பதற்கும், கட்டிய பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் விடுவதற்கும் போர் தண்ணீர் இருந்தால் கவலையில்லை. லாரித் தண்ணீர் வாங்கும் இடமென்றால் இதற்கு ஒரு தனி வரி போட்டே ஆக வேண்டும்.

கல் நல்லதா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி எடை போடுவது. காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். சாதாரண வகைச் செங்கல்லில் எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, மூன்று கிலோ கல் மூன்று கிலோ அறுநூறைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வேக்காடு போதவில்லை. இரண்டு கல்லைத் தட்டினால் மணிபோலக் கணீரென்று கேட்க வேண்டும் என்பதும் சரிதான், ஆனால் அது ஒரு கல்லின் சோதனை. லோடின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கல் எடுத்துத் தட்டினால்தான் அந்தச் சோதனைக்கு அர்த்தம்.

இது யாருக்குப் பொருந்தும்? காலம் போடாமல் சுவர்மேலேயே தளம் போடுகிறவர்களுக்கு முதலில் இதுதான். கிராமத்தில் ஒரு தளம் மட்டும் கட்டி அதோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டில் காலமும் பீமும் இல்லாமல் போவதால் மிச்சமாகும் கம்பி, இந்த மொத்த ஒப்பீட்டில் வரும் வித்தியாசத்தையே முழுங்கிவிடும். அப்புறம் சூளைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கான கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

## ஃபிளை ஆஷ் கல்

அளவு ஏறக்குறைய செங்கல் அளவேதான், அதனால் எண்ணிக்கை மாறாது. உடைசல் குறைவு, 3 சதவீதம் போதும்.

| பொருள் | அளவு | அலகு | விலை (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|
| ஃபிளை ஆஷ் கல் | 13,000 | எண்ணம் | 8 | 1,04,000 |
| கட்டுக் கலவைச் சிமென்ட் | 40 | மூட்டை | 380 | 15,200 |
| எம் சாண்ட் | 270 | கன அடி | 60 | 16,200 |
| பூச்சுச் சிமென்ட் | 31 | மூட்டை | 380 | 11,780 |
| பி சாண்ட் | 170 | கன அடி | 70 | 11,900 |
| கூட்டல் | | | | 1,59,080 |

அச்சில் வார்த்து அழுத்திய கல் என்பதால் முனையெல்லாம் நேராக இருக்கும், இரண்டு முகமும் ஏறக்குறைய சமமாக நிற்கும். உள்பூச்சை 12 மில்லிமீட்டரிலும் வெளிப்பூச்சை 15 மில்லிமீட்டரிலும் முடிக்கலாம். கல்லின் விலையில் 28,000 மிச்சம் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் கலவையிலும் பூச்சிலும் இன்னும் கிட்டத்தட்ட 14,000 குறைவதைக் கவனியுங்கள்.

ஆனால் இந்த மிச்சம் தானாக வராது. கொத்தனார் செங்கல் பழக்கத்திலேயே முக்கால் அங்குலம் கலவை வைத்துக்கொண்டு போனால், பூச்சுக்காரர் வழக்கம்போல ஒரு அங்குலம் அடித்தால், மிச்சமெல்லாம் சுவருக்குள் போய்விடும். வேலை நடக்கும்போது மேஸ்திரியிடம் கனத்தைச் சொல்லி, முதல் நாள் கூடவே நின்று பார்க்க வேண்டும்.

இந்தக் கல்லின் உண்மையான பலவீனம் அதன் வயது. சூட்டில் வெந்து இறுகும் கல் இல்லை இது, தண்ணீர் குடித்து நாள்பட இறுகும் கல். பட்டறையில் மூன்று வாரமாவது நனைத்து வைத்திருக்க வேண்டும். தேவை அதிகமான மாதங்களில் ஒரு வாரக் கல்லையே வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். இறக்கும்போது முனைகள் பொடிந்து வண்டித் தொட்டியில் சாம்பல் தூள் குவிந்திருந்தால், ஆணியால் கீறியதும் ஆழமாகக் கோடு விழுந்து மாவாக உதிர்ந்தால், அது இளசு. அப்படிப்பட்ட கல்லில் கட்டினால் சுவர் கட்டிய பிறகும் சுருங்கிக்கொண்டே இருக்கும், பூச்சில் மயிரிழை விரிசல் வலைபோல வரும். வாங்கும்போதே வார்த்த தேதியைக் கேளுங்கள், முடிந்தால் கட்டுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வாங்கி உங்கள் மனையிலேயே அடுக்கித் தண்ணீர் விட்டுவிடுங்கள். அதற்கு மனையில் இடம் வேண்டும், குறுகிய மனைக்காரர்களுக்கு இது ஒரு சிரமம்.

மேட்டூர், தூத்துக்குடி, எண்ணூர், நெய்வேலி போல அனல் மின் நிலையம் உள்ள ஊர்ப் பக்கம் சாம்பல் அருகிலேயே கிடைக்கிறது, பட்டறைகளும் அதிகம், அதனால் விலை படியும். தூரம் கூடக்கூட வண்டி வாடகை கல்லின் மேல் ஏறும், ஏனென்றால் இதுவும் செங்கல் மாதிரியே மூன்று கிலோ எடை. காலம் பீம் போட்ட வீடு, வழக்கமான கொத்தனார், வழக்கமான வேலை என்றால் இந்தக் கல்தான் சிக்கலில்லாதது. சுவர்மேல் தளம் போடுகிறீர்கள் என்றால் நல்ல அழுத்த வலு உள்ள கல் என்று சோதனைச் சான்று பார்த்து வாங்கினால் இதுவும் தாங்கும்.

## ஏஏசி பிளாக்

8 அங்குல பிளாக் 880, 4 அங்குல பிளாக் 480, உடைசல் 5 சதவீதம் சேர்த்து.

| பொருள் | அளவு | அலகு | விலை (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|
| 8 அங்குல பிளாக் | 880 | எண்ணம் | 100 | 88,000 |
| 4 அங்குல பிளாக் | 480 | எண்ணம் | 50 | 24,000 |
| ஒட்டும் பசைக் கலவை (40 கிலோ) | 24 | மூட்டை | 400 | 9,600 |
| பூச்சுச் சிமென்ட் | 30 | மூட்டை | 380 | 11,400 |
| பி சாண்ட் | 165 | கன அடி | 70 | 11,550 |
| இணைப்புகளில் வலை | | மொத்தமாக | | 6,000 |
| நடுவில் கான்கிரீட் பெல்ட் | | மொத்தமாக | | 10,000 |
| கூட்டல் | | | | 1,60,550 |

கடைசி இரண்டு வரியை விற்பவர் கொடுக்கும் கணக்கில் நான் பார்த்ததில்லை. அவை இல்லாமல் 1,44,550 என்று காட்டுவார்கள், ஃபிளை ஆஷை விட 14,000 மலிவு என்று தோன்றும். அவை தேவையா என்றால், தேவை. ஏஏசி காயும்போது சுருங்கும் பொருள், கான்கிரீட் காலம் அப்படிச் சுருங்காது, ஆகவே இரண்டும் சேரும் கோட்டில் பூச்சு பிளக்கும். அந்தக் கோடு முழுக்க வலை ஒட்டிப் பூச வேண்டும். சுவர் நீளமாக இருந்தால் ஜன்னல் அடி மட்டத்தில் இரண்டு கம்பி போட்ட மெல்லிய பெல்ட் ஒன்று ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். ஏஏசி வீட்டில் விரிசல் என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை விட்டிருந்தார்கள். இன்னொரு காரணம் பிளாக்கைச் செங்கல் மாதிரி தொட்டியில் முக்கி எடுப்பது. அப்படிச் செய்யக்கூடாது. தூசியைத் துடைத்து மேலாக ஈரம் காட்டினால் போதும், உள்ளே குடித்த தண்ணீர் காயும்போது அவ்வளவும் சுருக்கமாகத் திரும்பி வரும்.

நல்ல பக்கமும் உறுதியானதுதான். பசைக் கலவையில் கட்டிய சுவருக்குத் தண்ணீர் விட வேண்டியதில்லை, கட்டு வேலைக்கு மணலே வேண்டாம், வேலையும் சீக்கிரம் முடியும். வெளிச்சுவர் கனம் ஒரு அங்குலமும் உள்சுவர் கனம் அரை அங்குலமும் குறைவதால் இந்த வீட்டில் உள்ளே சுமார் 14 சதுர அடி கூடுதலாகக் கிடைக்கிறது.

வேலை சீக்கிரம் முடிவதால் கூலி மிச்சம் என்பார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று லேபர் கான்ட்ராக்ட் பேசியிருந்தால் அந்த மிச்சம் உங்களுக்கு வராது, கான்ட்ராக்ட் எடுத்தவருக்குத்தான் போகும். பேசும்போதே சுவர் ஏஏசி என்று சொல்லிக் கூலியைக் குறைத்துப் பேச வேண்டும்.

கம்பி மிச்சம் என்பதும் அப்படித்தான். சுவர் எடை குறைவது உண்மை. இந்த வீட்டில் செங்கல் சுவர் ஏறக்குறைய 56 டன், ஏஏசி சுவர் 18 டன்னுக்குள். ஆனால் கம்பி குறைவது வரைபடத்தில், சுவரில் இல்லை. இன்ஜினியர் இந்த எடையை வைத்து பீமையும் பூட்டிங்கையும் புதிதாகக் கணக்குப் போட்டு அளவைக் குறைத்தால்தான் அட்டவணையில் கம்பி வரி மாறும். ஒரு தள வீட்டில் அப்படிப் போட்டாலும் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் காலத்துக்கும் பீமுக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு கம்பி என்ற விதி அங்கே வந்து நிற்கும். மூன்று நான்கு மாடி என்றால் நிலைமை வேறு, அங்கே எடைக் குறைவு உண்மையிலேயே பணமாகத் திரும்பும். ஆகவே நான் 3,500 கிலோவைத் தொடவில்லை.

குடிபோன பிறகு வரும் விஷயம் ஒன்று இருக்கிறது, நம் ஊர் வீடுகளுக்கு அது முக்கியம். சமையலறையிலும் படுக்கையறையிலும் சுவரைக் குடைந்து கடப்பாக்கல் செருகி அலமாரி வைக்கிறோம், அதில் அரிசி மூட்டையும் அண்டாவும் ஏறும். 4 அங்குல ஏஏசி சுவர் இந்தப் பாரத்துக்கு ஏற்றதில்லை. கீசர் மாட்டக்கூடச் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கென்று உள்ள நீள பிளக் வேண்டும். வயரிங் குழாய்க்கு உளி வைத்து அடிக்காமல் கட்டர் வைத்துத்தான் வெட்ட வேண்டும், அடித்தால் பிளாக் ஆடிவிடும். அலமாரியெல்லாம் தரையில் நிற்கும் மர வேலையாகச் செய்யப் போகிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை.

மாடிமேல் மாடி எழுப்பப் போகிறவர்கள், லாரித் தண்ணீரில் கட்டுகிறவர்கள், மண் வலுவில்லாத மனைக்காரர்கள், ஏஏசி வேலை தெரிந்த கொத்தனார் கையில் இருப்பவர்கள் இதைத் தைரியமாக எடுக்கலாம். சுவர்மேலேயே தளம் போடும் வீட்டுக்கு இதை வாங்காதீர்கள்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | சேம்பர் செங்கல் | ஃபிளை ஆஷ் | ஏஏசி |
|---|---|---|---|
| மாறாத வரிகள் (ரூ.) | 5,31,100 | 5,31,100 | 5,31,100 |
| சுவர் சார்ந்த வரிகள் (ரூ.) | 2,00,840 | 1,59,080 | 1,60,550 |
| மொத்த எஸ்டிமேட் (ரூ.) | 7,31,940 | 6,90,180 | 6,91,650 |
| சுவர்மேல் தளம் | சரி | சான்று பார்த்து | வேண்டாம் |
| தண்ணீர்த் தேவை | அதிகம் | அதிகம் | குறைவு |
| செருகிய அலமாரி, பரண் | சரி | சரி | கவனம் |

ஃபிளை ஆஷும் ஏஏசியும் 1,470 ரூபாய் வித்தியாசத்தில் நிற்கின்றன, இவ்வளவு பெரிய கணக்கில் அது வித்தியாசமே இல்லை. அங்கே விலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், கொத்தனாரையும் அலமாரியையும் பார்த்து முடிவெடுங்கள்.

செங்கல் 41,760 ரூபாய் கூடுதல், மொத்தத்தில் ஆறு சதவீதத்துக்குள். இப்போது சூளைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கணக்கு. இந்த 41,760-ஐ 13,200 கல்லால் வகுத்தால் ஒரு கல்லுக்கு 3 ரூபாய் 16 காசு. ஆக, நல்ல வேக்காடு உள்ள செங்கல் வீட்டு வாசலில் 6 ரூபாய் 84 காசுக்குக் கிடைத்தால் மூன்றும் சமம். 8 ரூபாய்க்குக் கிடைத்தாலும் வித்தியாசம் 15,000 சொச்சம்தான், அதற்காக அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பட்டறையிலிருந்து ஃபிளை ஆஷ் ஏற்றிவரச் சொல்ல மாட்டேன். உங்கள் ஊர் விலையைப் போட்டு இந்த ஒரு வகுத்தலை மட்டும் செய்து பாருங்கள்.

## அந்தத் தம்பி எடுத்த முடிவு

அவர் வீட்டில் காலம் பீம் உண்டு, சமையலறையில் மூன்று வரிசை கடப்பாக்கல் வேண்டும் என்று வீட்டில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள், கொத்தனார் ஏஏசி கட்டியதே இல்லை. அதனால் பேஸ்மென்ட்டும் கைப்பிடிச் சுவரும் சேம்பர் செங்கல், நடுவில் எல்லாம் ஃபிளை ஆஷ். கல்லை ஐந்து வாரம் முன்னாலேயே வாங்கி மனையில் அடுக்கி நனைத்தார்.

சுவர் வேலையும் பூச்சும் முடிந்த பிறகு பில்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். போட்டது 1,59,080, ஆனது 1,67,160. கல் 400 கூடுதலாகப் போனது, அது வரைபடத்தில் இல்லாத பூஜை அறைத் தடுப்புக்கு, 3,200 ரூபாய். மீதி 4,880 ரூபாய் கலவையிலும் பூச்சிலும். கட்டுக் கலவையில் 3 மூட்டையும் 20 கன அடி மணலும் கூடியதற்குப் பாதிக் காரணம் அதே தடுப்புச் சுவர். பூச்சில் கூடிய 3 மூட்டைக்கும் 20 கன அடி பி சாண்டுக்கும் காரணம் தெற்கு வெளிச்சுவர்: நடுவில் கிட்டத்தட்ட முக்கால் அங்குலம் உள்வாங்கி நின்றிருக்கிறது, பூச ஆரம்பித்த அன்று நூல் கட்டியபோதுதான் தெரிந்தது. லிண்டல் மட்டம் வந்தபோதே தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்திருந்தால் அதற்கு மேலே உள்ள பகுதியையாவது நேராக்கியிருக்கலாம். இப்போது அவர் மேல்தளத்துக்குக் கணக்குக் கேட்கிறார், அந்த எஸ்டிமேட்டில் பூச்சு வரியைக் குறைக்காமல் 34 மூட்டையாகவே வைத்திருக்கிறேன்.